"அவளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு": இரண்டு குடும்பம் உள்ளவரின் உயிலில் வரக்கூடாத வரி

இரண்டாம் திருமணம் செய்தவர்கள் உயில் எழுத வரும்போது பெரும்பாலும் ஒரே வாசகத்தோடுதான் வருகிறார்கள். "என் காலத்துக்குப் பிறகு எல்லாம் என் மனைவிக்கு. அவள் காலத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக." கேட்பதற்கு நியாயமாக இருக்கும். சொல்பவர் மனதிலும் கள்ளம் கிடையாது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் இந்த வாசகம் ஓரளவு தாங்கும். மூத்த தாரத்துப் பிள்ளைகளும் இளைய தாரத்துப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் இதுதான் வழக்குக்கு முதல் படி. உயில் எழுதிக் கொடுப்பதும், மற்றவர்கள் எழுதிவைத்துப் போன உயில்களால் வரும் சண்டைகளைப் பார்ப்பதும் என் தொழில். அந்த இரண்டாவது வேலையில் என் மேசைக்கு வரும் காகிதங்களில் இந்த வாசகம் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

முதல் சிக்கல் சட்டத்தில். ஒரு சொத்தை "சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று மனைவிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே "அவளுக்குப் பின் என் பிள்ளைகள் அடைய வேண்டியது" என்று எழுதினால் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. முழு உரிமை கொடுத்தாயிற்று என்றால் அந்த அம்மாள் விற்கலாம், தானம் தரலாம், தன் பெயரில் உயில் எழுதலாம். பின்னால் வருகிற கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்புகள் உண்டு. உயிலை முழுதாகப் படித்து, எழுதியவர் உத்தேசித்தது ஆயுள்கால அனுபவ உரிமை மட்டுமே என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. எந்தப் பக்கம் சாயும் என்பது வாசகத்தில் உள்ள நான்கைந்து சொற்களைப் பொறுத்தது. அந்த நான்கைந்து சொற்களுக்காக இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொள்கிறது.

இந்தியாவில் இந்துக்களுக்கு இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும், அதன்மேல் 1977-இல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் தந்த தீர்ப்பும் சொல்வது இது: மனைவிக்கு ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக ஒரு சொத்தைக் கொடுத்து, "ஆயுள் வரை மட்டும்" என்று கட்டுப்படுத்தினாலும், அந்தக் கட்டுப்பாடு உதிர்ந்து சொத்து அவளுக்கு முழு உரிமை ஆகிவிடும். உயில் மூலமாகப் புதிதாக ஓர் உரிமை பிறக்கிறது என்றால் கட்டுப்பாடு நிற்கும். ஆகவே, "மனைவியின் பராமரிப்புக்காக" என்று அன்போடு எழுதும் ஒரு சொல்லே மூத்த தாரத்துப் பிள்ளைகளின் பின்னுரிமையைக் கேள்விக்குறி ஆக்கிவிடலாம். ஆயுள் உரிமை எழுதிக் கொடுக்கும் பலர் இதை உயில் எழுத வருபவரிடம் சொல்வதே இல்லை.

சட்டச் சிக்கலை நல்ல வாசகத்தால் தீர்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரியது. இந்த ஏற்பாட்டில் மூத்த பிள்ளைகள் தங்கள் பங்கைப் பார்க்க வேண்டுமானால் சித்தி இறக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, ஆனால் ஏற்பாட்டின் உள்ளே இருப்பது அதுதான். ஒருவர் வாழும் காலமெல்லாம் இன்னொருவர் காத்திருக்கிறார். காத்திருப்பவருக்கு அந்த அம்மாளோடு ரத்த உறவு இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை, மாடியை வாடகைக்கு விட்டு வாடகையை என்ன செய்கிறாள் தெரியவில்லை, மரத்தை வெட்டிவிட்டாள் என்று ஒவ்வொன்றும் குற்றமாகத் தெரியும். அந்தப் பக்கம் அவளுக்கு, தான் இருக்கிற வீட்டிலேயே கண்காணிக்கப்படுகிறோம் என்ற நினைப்பு. இருவருமே நல்லவர்களாக இருந்தாலும் இது நடக்கும்.

எனக்குப் பிடித்த ஒரு வழக்கை விரிவாகச் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த வழக்கு என்பதால் பிடிக்கும். உயில் எழுத வந்தவரின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தொகைகளுக்குப் பதிலாக, எல்லாவற்றையும் பங்குகளாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 62. முதல் மனைவி நோயில் இறந்துவிட்டார். அவருக்குப் பிறந்த மகளுக்கு 35, மகனுக்கு 31. இருவரும் படித்து முடித்துத் தனியாக வாழ்கிறார்கள். இரண்டாவது மனைவிக்கு 44 வயது, வேலைக்குப் போகிறார். அவருக்கு ஒரு மகள், வயது 13. சொத்து என்று அவர் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் மூன்று இருந்தன. மாடியோடு கூடிய வீடு 60 பங்கு, வங்கி வைப்புத்தொகை 25 பங்கு, வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு கடை 15 பங்கு. மொத்தம் 100. இது தவிர 20 பங்கு மதிப்புள்ள ஓர் ஆயுள் காப்பீடு. கூடவே நான் மேலே சொன்ன அந்த வாசகமும் வந்தது.

நான் முதலில் வயதுகளைக் காட்டினேன். அவர் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். மனைவி 84 வயது வரை இருந்தால் அன்றைக்கு மூத்த மகளுக்கு 75. அப்பாவின் சொத்து அந்த வயதில் வந்து அவளுக்கு என்ன ஆகப் போகிறது? இன்னொன்றும் உண்டு. வைப்புத்தொகைக்கு ஆயுள் உரிமை என்பது நடைமுறையில் நிற்காது. பணத்தை எடுத்துச் செலவு செய்தால் தடம் இருக்காது. அது செலவாகும் வீட்டில் வளர்வது இளைய மகள். அப்பா "சமமாக" என்று எழுதினாலும், இளையவள் அம்மா மூலமாகவும் வாங்குவாள், கடைசியில் மூன்றில் ஒன்றும் வாங்குவாள். மூத்தவர்கள் மீதி இருப்பதில் மட்டும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் அவளுக்கு ஒண்ணும் வைக்காமப் போகணுமா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மனைவிக்குக் குறைக்க வேண்டும் என்பதல்ல விஷயம். யாருடைய பங்கும் இன்னொருவருடைய சாவுக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்பதுதான்.

அதற்கு முன்னால் வேறொரு வேலை இருந்தது. உயில் எழுதும் முன் எல்லாப் பத்திரங்களையும் மூலத்தோடு கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தால் வாங்கியவர்கள் பெயரில் இரண்டு பெயர்: அவரும் முதல் மனைவியும், பாதிப் பாதி. அந்த அம்மாள் உயில் எதுவும் எழுதாமல் இறந்திருக்கிறார். அவர்களுக்குப் பொருந்தும் சட்டப்படி அவருடைய பாதி, கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சம பங்காக இறங்கியாயிற்று. ஆக, வீட்டில் ஆறில் ஒரு பங்கு மகளுடையது, ஆறில் ஒரு பங்கு மகனுடையது. அவருக்கு இருப்பது மூன்றில் இரண்டு பங்கு. 60-இல் 40 மட்டுமே அவர் எழுதக்கூடியது. மீதி 20 அவருடையதே இல்லை. கணவன், மனைவி பெயரில் கூட்டாக வாங்கிய வீடு ஒருவர் இறந்ததும் மற்றவருக்கே போய்ச் சேரும் என்று சில நாடுகளில் ஒரு வகைக் கூட்டுரிமை உண்டு. ஆனால் அது எல்லா இடத்திலும் தானாக வருவதில்லை. பத்திர வாசகத்தையும் அந்த இடத்துச் சட்டத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதல் மனைவியின் பங்கை யாரும் பிரிக்காமல், பேசாமல் விட்டுவைப்பது இரண்டு குடும்பச் சண்டைகளில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் காரணம். அவர் அறியாமல்தான் விட்டிருந்தார். ஆனால் முழு வீட்டையும் அவர் இளைய மனைவிக்கு எழுதியிருந்தால், அவர் இறந்த பிறகு மூத்த பிள்ளைகள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? தங்கள் அம்மாவின் பங்கை அப்பா சித்திக்குக் கொடுத்துவிட்டார் என்று. அந்தக் காயத்தை எந்தத் தீர்ப்பும் ஆற்றாது. மூத்த மகளை அழைத்து இதைச் சொன்னபோது அவள் பங்கைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்பா, வீடு சித்திக்கும் பாப்பாவுக்கும் இருக்கட்டும். அதுல அம்மா பேர் இருக்குங்கறதை மட்டும் இல்லைன்னு ஆக்கிடாதீங்க" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆகவே முதல் படி உயில் அல்ல, ஒரு பரிவர்த்தனைப் பத்திரம். தன்னுடையதல்லாததை உயிலில் எழுத முடியாது என்பதால் அவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தோம். கடை 15 பங்கு, வைப்புத்தொகையிலிருந்து 5 பங்கு, மொத்தம் 20 பங்கை அவர் மூத்த பிள்ளைகள் இருவருக்கும் கொடுத்தார். அவர்கள் வீட்டில் இருந்த தங்கள் 20 பங்கை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வழியாக வந்த பங்குக்கு ஈடாக இது தரப்படுகிறது என்று அந்தப் பத்திரத்திலேயே அம்மாவின் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. முத்திரைக் கட்டணம் கொஞ்சம் ஆனது, ஆகட்டும். இப்போது வீடு 60 பங்கும் முழுதாக அவருடையது, வைப்புத்தொகை 20, காப்பீடு 20. அவர் விட்டுப் போகப்போவது சரியாக 100.

இனி உயில். வீடு மனைவிக்கும் இளைய மகளுக்கும் பாதிப் பாதி, அதாவது ஆளுக்கு 30. மனைவியின் பாதி முழு உரிமை. ஆயுள் வரை என்ற பேச்சே இல்லை. இளையவளுக்கு 25 வயது ஆகும்வரை முழு வீட்டிலும் மனைவி குடியிருக்கலாம், மாடி வாடகையைக் குடும்பச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். வரியும் பழுது பார்க்கும் செலவும் அவருடையது. வைப்புத்தொகையும் காப்பீட்டுப் பணமும் சேர்ந்த 40 பங்கு மூத்தவர்கள் இருவருக்கும், ஆளுக்கு 20. அவர்கள் அதற்காக யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அப்பா போன பிறகு ஆவணங்கள் தயாரானதும் கைக்கு வந்துவிடும். அந்தப் பணம் வந்த நாளோடு சித்தியின் வீட்டுக்கும் இவர்களுக்கும் பணத்தொடர்பு எதுவும் இல்லை. உறவு வேண்டுமானால் உறவுக்காக வந்து போகலாம்.

இளையவளுக்கு 30, மூத்தவர்களுக்கு ஆளுக்கு 20 என்பது சமம் இல்லையே என்று கேட்கலாம். அவரும் கேட்டார். மூத்தவர்கள் இருவரின் படிப்பையும் அவர் முடித்துவிட்டார். இளையவளுக்குப் பள்ளியும் கல்லூரியும் பாக்கி. உயிர் போகும் தேதியில் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பங்கு போட்டால், படித்து முடித்தவர்களும் படிக்க வேண்டியவளும் சமம் ஆகிவிடுகிறார்கள். அது சமம் இல்லை. இந்தக் காரணத்தை இரண்டு வரியில் உயிலிலேயே எழுதச் சொன்னேன். நீளமாக எழுத வேண்டாம். யாரையும் குறை சொல்லவும் வேண்டாம். காரணம் இல்லாத வித்தியாசத்துக்கு மூத்தவர்கள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், அது பெரும்பாலும் "சித்தி சொல்லிக்கொடுத்து எழுதவைத்தாள்" என்பதாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். பொருளைப் பிரித்துக் கொடுக்கும் உயிலில், பொருளின் மதிப்பு அப்படியே நிற்காது. அவருக்கு நீண்ட நோய் வந்து வைப்புத்தொகையில் 15 பங்கு மருத்துவமனைக்குப் போய்விட்டால்? வீடு அப்படியே இருக்கும். இழப்பு முழுவதும் மூத்தவர்கள் தலையில் விழும். பணத்தைச் செலவழித்தது அவரைப் பார்த்துக்கொண்ட மனைவி என்பதால் சந்தேகமும் அங்கேயே விழும். இதற்கு ஒரு சரிக்கட்டும் பிரிவு போட்டோம். அவர் இறந்த தேதியில் வீடு, மீதி உள்ள வைப்புத்தொகை, காப்பீட்டுப் பணம் மூன்றையும் கூட்ட வேண்டும். காப்பீட்டுப் பணம் உயிலுக்கு வெளியே நேராகப் போனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு மூத்தவர்களுடையது. மேலே சொன்ன நோய்க் கணக்கில் மொத்தம் 85, அதில் ஐந்தில் இரண்டு 34. கையில் வைப்பு 5, காப்பீடு 20, ஆக 25. பற்றாக்குறை 9. அந்த 9 பங்கு வீட்டின்மேல் பற்றாக நிற்கும். ஆறு வருடத்துக்குள் வாடகையிலிருந்தோ வேறு வழியிலோ மனைவி தரப்பு கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டை விற்கச் சொல்லி மூத்தவர்கள் கேட்க முடியாது. வீட்டின் விலை மட்டும் மளமளவென்று ஏறினாலும் இதே பிரிவு வேலை செய்யும். ஆனால் இந்தப் பற்று எந்த நிலையிலும் வீட்டு மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தார். கூரை போகக்கூடாது என்பது அவர் கட்டளை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

காப்பீட்டில்தான் மிகப் பழைய தவறு கிடைத்தது. அந்தப் பாலிசியில் நாமினி யார் என்று பார்த்தோம்: இறந்துபோன முதல் மனைவி. அத்தனை வருடம் யாரும் மாற்றவில்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆள் மட்டுமா, அல்லது அவருக்கே அது சொந்தமா என்பது நாட்டுக்கு நாடு, பணத்தின் வகைக்கு வகை மாறும். இந்தியாவில் நிறுவனப் பங்குகளுக்கு நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு. அமெரிக்காவில் 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எகெல்ஹாஃப் வழக்கை நான் பலரிடம் சொல்வதுண்டு. இரண்டாவது மனைவியை விவாகரத்து செய்த ஒருவர் அடுத்த சில மாதங்களில் விபத்தில் இறந்தார். வேலை வழியாக வந்த காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் அவள் பெயரே இருந்தது. முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். படிவத்தில் யார் பெயரோ அவருக்கே என்று முன்னாள் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உயிலில் ஒன்று, நாமினி படிவத்தில் இன்னொன்று என்று விட்டால் படிவம் ஜெயிக்கலாம். எனவே எங்கள் ஆளின் பாலிசியில் மூத்த பிள்ளைகள் இருவர் பெயரும் சரிபாதியாகப் போடப்பட்டது. வங்கியில் அவர் மனைவியோடு கூட்டாக வைத்திருந்த கணக்கிலிருந்து, மூத்தவர்களுக்கான வைப்புத்தொகையைப் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டோம்.

எல்லாரும் தாண்டிப்போகும் ஒரு பிரிவு இரண்டு குடும்பம் உள்ளவருக்கு மட்டும் உயிர்நாடி. அவரும் மனைவியும் ஒரே வண்டியில் போகிறார்கள், விபத்து. அவர் அங்கேயே இறக்கிறார், மனைவி இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில். அந்த இரண்டு நாளில் உயிலின்படி மனைவியின் பங்கு அவருக்குச் சொந்தமாகிவிட்டது. அவர் இறந்ததும் அது போவது அவருடைய வாரிசுகளுக்கு. கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பதில்லை. யார் முதலில் இறந்தார்கள் என்று மருத்துவக் குறிப்பின் நேரத்தை வைத்து உறவினர்கள் சண்டையிடும் நிலை இப்படித்தான் வருகிறது. "எனக்குப் பின் 30 நாள் உயிரோடு இருந்தால் மட்டுமே இந்தப் பங்கு அவருக்கு, இல்லையென்றால் அது என் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக" என்று ஒரு வரி போட்டால் போதும். அதேபோல், பிள்ளைகளில் ஒருவர் அவருக்கு முன்பே இறந்துவிட்டால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. பிள்ளைகளே இல்லை என்றால் மற்ற பிள்ளைகளுக்கு. இதில் "மற்ற பிள்ளைகள்" என்றால் இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் என்று பெயர்களோடு எழுதினோம். உயில் முழுவதிலும் "என் பிள்ளைகள்" என்ற பொதுச்சொல் தனியாக எங்கேயும் வரவில்லை. பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் மூன்றும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. இரண்டாவது மனைவிக்கு முந்தைய திருமணத்தில் குழந்தை இருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் சட்டம் பொதுவாக அந்தக் குழந்தையைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்காது. அவர் மனதில் சேர்த்திருந்தால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

உயிலை நிறைவேற்றப் போகிறவர் யார் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மனைவி தனியாகவும் வேண்டாம், மூத்த மகன் தனியாகவும் வேண்டாம். இருவரையும் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் இழுபறி. இரண்டு பக்கமும் மதிக்கும், எதையும் அடையாத மூன்றாவது ஆள் ஒருவர், அவருக்கு மாற்று இன்னொருவர். இவர் முதலில் தன் வயது நண்பரைச் சொன்னார். 62 வயதுக்காரர் 80 வயதில் இறந்தால் நண்பருக்கும் 80 இருக்கும். கடைசியில் பத்துப் பதினைந்து வயது இளையவரான ஒரு கணக்காளரைப் போட்டார். இளைய மகளின் பாதி வீட்டை அவளுக்கு 18 ஆகும்வரை பொறுப்பாக வைத்திருப்பவரும் அவரே. அதனால் அம்மா தன் வசதிக்கு அதை விற்றுவிட்டாள் என்ற பேச்சுக்கும் இடமில்லை. சாட்சிகள் இருவரும் உயிலில் எதுவும் பெறாதவர்கள், பெறுபவர்களின் கணவனோ மனைவியோ அல்லாதவர்கள், அவரைவிட இளையவர்கள்.

கையெழுத்துப் போடும் நாளில் மனைவியை வெளியே இருக்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடியது, ஆனால் அவருக்காகவே அப்படிச் செய்தேன். 1870-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கு உயில் எழுதுபவரின் மனநிலைக்கு ஓர் அளவுகோல் வைத்தது. தான் செய்வது என்ன, சொத்து எவ்வளவு, தன்னிடம் எதிர்பார்க்க உரிமை உள்ளவர்கள் யார் என்பதெல்லாம் அவருக்குப் புரிய வேண்டும், மனநோய் எதுவும் அந்த முடிவைத் திரிக்கக்கூடாது. பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் அதைத்தான் பார்க்கின்றன. அவரைத் தனியாக உட்காரவைத்து, அவர் வாயாலேயே நான்கு பேர் பெயரையும் யாருக்கு என்ன என்பதையும் சொல்லச் சொல்லி, சாட்சிகள் கேட்கக் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு "அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள்" என்று யாரும் சொல்ல முடியாது.

நான் இங்கே சொன்னதை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டாம். சில சட்டங்களில் எழுதுபவரின் கை கட்டப்பட்டிருக்கும். பிரான்சில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுங்கிவிடும். எந்தத் தாரத்துப் பிள்ளை என்ற பேதம் கிடையாது. முஸ்லிம் சட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒன்றுக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. இங்கிலாந்தில் புதிய திருமணமே பொதுவாகப் பழைய உயிலை ரத்து செய்துவிடும். முதல் மனைவி இருந்தபோது பிள்ளைகளுக்காக எழுதிய உயில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், அது இரண்டாம் திருமண நாளிலேயே செத்திருக்கும். இந்தியாவில் இந்துக்களின் உயிலுக்கு அந்த விதி இல்லை. அங்கே எதிர்ச் சிக்கல், இளைய மனைவியின் பெயரே இல்லாத பழைய உயில் உயிரோடு இருக்கும்.

இன்னும் ஒன்று, சிறியது. முதல் மனைவியின் நகைகள் இத்தனை வருடமாக இரண்டாவது மனைவியின் பெட்டகத்தில் இருந்தன. வீட்டைப் பற்றியோ வங்கிப் பணத்தைப் பற்றியோ வாய் திறக்காத மகன், நகைப் பேச்சு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். மதிப்பில் அது நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் சண்டை தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒரு வளையல், ஒரு கைக்கடிகாரம், சுவரில் இருந்த ஒரு படம். எதையும் உயிலுக்கு விட வேண்டாம் என்றேன். அந்த அம்மாவே எழுந்து போய்ப் பட்டியல் போட்டார். ஒரு சங்கிலி, நான்கு வளையல், ஒரு ஜோடித் தோடு. தோட்டில் ஒன்றுக்குத் திருகு இல்லை என்று அதையும் எழுதினார். மூத்தவர்கள் இருவரும் அன்றைக்கே பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அந்தத் தாளின் நகல் உயிலோடு இருக்கிறது.

உயிலின் சாரத்தை அவர் தன் வாயாலேயே நான்கு பேரிடமும் சொன்னார், எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போது. எனக்கு அதில் தயக்கம் இருந்தது, ஏனென்றால் சில வீடுகளில் இது அன்றைக்கே சண்டை ஆகும். ஆனாலும் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். உயிரோடு இருப்பவரிடம் "ஏன்?" என்று கேட்கலாம், அவர் பதில் சொல்வார். இறந்தவரிடம் கேட்க முடியாது என்பதால் அந்தக் கேள்வி சித்தியிடம் போகிறது, அவருக்கு அதற்குப் பதில் தெரியாது. மகன் ஒன்றே ஒன்று கேட்டான், ஆறு வருடத்தில் அந்தப் பற்றுத் தொகையைச் சித்தியால் கொடுக்க முடியவில்லை என்றால் என்ன என்று. நல்ல கேள்வி. அப்படியானால் வீட்டை விற்கும் நாள்வரை அது பற்றாகவே நிற்கும், வட்டி கிடையாது என்று அங்கேயே முடிவாகி, வரைவில் ஒரு வரி கூடியது.

அசல் உயில் கணக்காளரிடம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று நான்கு பேருக்கும் தெரியும். அடுத்து அதை எடுத்துப் பார்க்க வேண்டிய நாட்களையும் குறித்துவைத்தோம். இளையவளுக்கு 18 ஆகும்போது பொறுப்பாளர் பிரிவுக்கு வேலை இருக்காது. அவருக்கு 70 ஆகும்போது காப்பீட்டுக் காலம் முடிகிறது, அதற்கு மேல் அந்த 20 பங்கு கிடையாது. அன்றைக்கு மொத்தம் 80 ஆகிவிடும், மூத்தவர்களின் பங்கு 32 ஆகும், வைப்புத்தொகை 20 போக 12 வீட்டின்மேல் ஏறும். அந்தச் சுமையை மனைவிமேல் ஏற்ற அவருக்கு மனமில்லை. அதனால் காப்பீட்டுத் தவணையோடு சேர்த்து, மாதாமாதம் ஒரு தொகையை மூத்தவர்களுக்கான அந்தத் தனிக் கணக்கில் இப்போதிருந்தே போட்டுவருகிறார்.